திரையில் வண்ணப் புள்ளிகள்: கோளாறு மானிட்டரிலா, கார்டிலா?

விருதுநகர்ப் பக்கம் பருப்பு மொத்த வியாபாரம் செய்துவரும் நம் சங்க உறுப்பினர் ஒருவர் ஒரு மாதத்தின் 9ஆம் தேதி மாலை நமக்குப் போன் செய்தார். இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் விஷயங்களை எழுதி வருவதால் உறுப்பினர்கள் இப்படி நம்மை அழைப்பதுண்டு. அன்று அவர் குரலில் பதற்றம் இருந்தது. "கடைக் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணணும்னு சர்வீஸ் தம்பி சொல்றாரு. பண்ணச் சொல்லட்டுமா? நாளன்னிக்கு 11ஆம் தேதி, ஜி.எஸ்.டி. கணக்கு ஏத்தணும்" என்றார்.

கணக்குகளை வேறு எங்காவது நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டோம். ஆறு மாதமாக எடுக்கவில்லையாம். "அப்படின்னா நாங்க வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

அவர் கடையில் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறோம். இதே கோளாறு இன்னும் பல கடைகளில் வந்திருக்கிறது. பல கடைகளில் இதே வரிசையில் பணமும் விரயமாகியிருக்கிறது.

வாடிக்கையாளர் கண்டுபிடித்தது

அந்தக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு இரண்டு மானிட்டர்கள். ஒன்று பில் போடும் பையன் பார்ப்பது. மற்றொன்று வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்தது. இரண்டு மானிட்டர் வேண்டும் என்பதற்காகவே, வாங்கும்போது தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுத்திருந்தார்கள். பழைய கார்டு, 3,200 ரூபாய்.

முதல் அறிகுறியைக் கடையில் யாரும் பார்க்கவில்லை. கடை அடைத்த பிறகு அண்ணாச்சியின் மகன் அதே கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடுவான். சாலையோரச் சுவர்களும் மரங்களும் விட்டுவிட்டு மினுங்குவதையும், சில சுவர்கள் படமே இல்லாமல் பளீரென்று ஒரே நிறமாகத் தெரிவதையும் அவன் ஒரு மாதமாகப் பார்த்து வந்திருக்கிறான். அப்பாவிடம் சொன்னால் விளையாடியது தெரிந்துவிடுமே என்று சொல்லவில்லை!

அடுத்து, பிற்பகல் வேளையில் திரையில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் வந்தன. அதைக் கவனித்தவர் ஒரு வாடிக்கையாளர்தான். "அண்ணாச்சி, உங்க டி.வி.யில பூ பூத்திருக்கு" என்றாராம். காலையில் கடை திறக்கும்போது ஒன்றும் இருக்காது. இரண்டு மணிக்கு மேல் பூக்கும். ஒரு நாள் பில் போடும் பையன் திரையைப் பார்த்து 1,330 ரூபாய் என்று கேட்க, வாடிக்கையாளர் பில் தாளைக் காட்டி, "இதில் 1,880 போட்டிருக்கிறதே" என்று நேர்மையாகச் சொன்னார். திரையில் எட்டு மூன்றாகத் தெரிந்திருக்கிறது. தாளில் எட்டு எட்டாகவே இருந்தது. இந்த ஒரு விஷயத்தை அன்றே யோசித்திருந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டிருக்கும்.

சர்வீஸுக்கு வந்தவர் முதலில் மானிட்டர் போய்விட்டது என்றார். 7,500 ரூபாயில் புது மானிட்டர் வந்தது. அன்று பிற்பகலே அதிலும் பூ பூத்தது. பிறகு விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்து புதிதாக ஏற்ற வேண்டும் என்றார். கணக்கு வைத்திருக்கும் ஃபோல்டரும் அதே டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியிலேயே இருந்தது. ஆறு மாதக் கொள்முதல், விற்பனை, பாக்கி வரவு எல்லாம் அதில். நமக்குப் போன் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

முதல் வேலை நகல்

நாம் போனபோது மணி ஏழு. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் மீண்டும் திரை வருமா என்பது தெரியாது. புள்ளிகளுக்கு நடுவிலேயே கணக்கு ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, அந்த நகலை நம் லேப்டாப்பில் திறந்து, அன்றைய கடைசி பில் வரை இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. நகல் எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்று பார்த்தால்தான் நகல் என்று பெயர்.

கிராஃபிக்ஸ் கார்டு கெட்டால் கணக்கு அழியாது. அதன் வேலை படம் காட்டுவது மட்டுமே. டிஸ்க்கில் அது எதையும் எழுதுவதில்லை. ஆனால் கார்டு முற்றிலும் கெடும்போது கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும். நாம் சுவிட்சை அணைத்துப் போடுவோம். அந்த நேரம் பில் எழுதப்பட்டுக் கொண்டிருந்தால் கணக்கு ஃபைல் பாதியில் அறுந்துபோகும். கார்டுக் கோளாறால் கணக்குக்கு வரும் ஆபத்து இப்படி மறைமுகமாக வருவது. இதைவிட நேரடியான ஆபத்து ஒன்றும் உண்டு. அது ரேம் சம்பந்தப்பட்டது. பின்னால் சொல்கிறோம்.

ஏன் புள்ளி, ஏன் கட்டம்?

திரையில் நாம் பார்க்கும் படம் ஒரு பெரிய பேரேடு போன்றது. சாதாரண மானிட்டரில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை ஓர் எண். இந்த எண்களையெல்லாம் கார்டில் இருக்கும் நினைவகச் சில்லுகள் வைத்திருக்கின்றன. நொடிக்கு 60 தடவை அந்தப் பேரேட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்துத்தான் மானிட்டருக்கு அனுப்புகிறது கார்டு.

சில்லில் ஓர் இடம் பழுதானால் அங்கே எழுதிய எண் மாறிவிடும். ரூபாய்க் கணக்கில் பைசா இடத்தில் பிழை வந்தால் யாருக்கும் தெரியாது. ஆயிரம் இடத்தில் வந்தால் கண்ணைக் குத்தும். அப்படித்தான் இங்கும். நிறத்தின் சிறிய இலக்கம் மாறினால் கண்ணுக்குத் தெரியாது. பெரிய இலக்கம் மாறினால், வெள்ளையாக இருக்க வேண்டிய புள்ளி இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ எரியும். திரையில் புள்ளி தெரியத் தொடங்கும் முன்பே கோளாறு வெகு நாளாக இருந்திருக்கக் கூடும் என்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, புள்ளிகள் கண்டபடி சிதறாமல் ஏன் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக வருகின்றன? ஒரு லோடு மூட்டை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சீக்கிரம் இறக்க வேண்டும் என்பதற்காக முதல் மூட்டையை முதல் கிடங்கில், இரண்டாவதை இரண்டாவது கிடங்கில் என்று நான்கு கிடங்குகளுக்கும் மாற்றி மாற்றி அனுப்புகிறோம். பிறகு மூன்றாவது கிடங்கில் கூரை ஒழுகினால், மூட்டைகளைப் பழைய வரிசைப்படி அடுக்கிப் பார்க்கும்போது நான்குக்கு ஒரு மூட்டை நனைந்திருக்கும். கார்டும் படத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித் தன் சில்லுகளுக்கு மாற்றி மாற்றிப் பங்கிட்டு வைக்கிறது. ஒரே நேரத்தில் எல்லாச் சில்லுகளிலிருந்தும் படிக்கலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. அதனால் ஒரு சில்லோ, அதற்குப் போகும் இணைப்போ பழுதானால், அதன் பங்குத் துண்டுகள் மட்டும் ஒழுங்கான இடைவெளியில் கெட்டுக் கட்டங்களாகத் தெரிகின்றன. ஒழுங்கு இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். கார்டின் நினைவகம்தான் பழுது என்பதற்கு அந்த ஒழுங்கே நல்ல தடயம்.

மகன் பார்த்த மினுங்கலும் இதே குடும்பம். விளையாட்டில் வரும் சுவர், சாலை எல்லாம் வெறும் வடிவங்கள். அவற்றின் மேல் துணி போர்த்துவது போல ஒரு படத்தை ஒட்டுகிறார்கள். அந்தப் படங்களும் கார்டின் நினைவகத்தில்தான் இருக்கின்றன. விளையாட்டு ஓடும்போது கார்டு முழு மூச்சாக உழைத்துச் சூடாகிறது, நினைவகத்தின் பெரும்பகுதியும் நிரம்புகிறது. எனவே பில் போடும்போது தெரியாத பழுது விளையாட்டில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் வந்தால் அந்த விளையாட்டின் பிழையாகவும் இருக்கலாம். எதை ஓட்டினாலும் வந்தால் கார்டுதான்.

மானிட்டரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்குதல்

நகல் கைக்கு வந்த பிறகு அண்ணாச்சியின் கடையில் நாம் செய்தவற்றுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இரண்டு மானிட்டரையும் பார்த்தோம். இரண்டிலும் புள்ளிகள். வெவ்வேறு வருடம் வாங்கிய இரண்டு மானிட்டர்கள் ஒரே நாளில் ஒரே மாதிரி கெடுமா? இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கார்டு ஒன்றே. புது மானிட்டர் வாங்கும் முன் இதை யாரும் யோசிக்கவில்லை.

பிறகு மானிட்டரின் கேபிளைப் பின்னாலிருந்து கழற்றினோம். அப்போது "No Signal" என்றோ அதுபோல வேறொன்றோ மானிட்டர் தானே எழுதிக் காட்டும். அந்த எழுத்து கம்ப்யூட்டரிலிருந்து வருவதல்ல, மானிட்டரின் சொந்தச் சரக்கு. அது சுத்தமாகத் தெரிந்தது. கெட்டிருப்பது மானிட்டர் என்றால் அந்த எழுத்தின் மேலும் புள்ளியோ கோடோ நிற்கும்.

கேபிளை மாட்டி, கீபோர்டில் Print Screen என்ற பட்டனை அழுத்தி, படத்தை Paint-இல் ஒட்டிச் சேமித்து, நம் லேப்டாப்பில் பார்த்தோம். புள்ளிகள் அந்தப் படத்திலும் இருந்தன. மானிட்டரோ கேபிளோ கெட்டிருந்தால் புள்ளிகள் படத்துக்குள் வர வழியில்லை; அவை படம் வெளியே போகும் வழியில்தான் இருக்கின்றன. இந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. படத்தில் புள்ளி இருந்தால் மானிட்டர் விடுதலை. படத்தில் புள்ளி இல்லை என்பதால் கார்டு விடுதலை ஆகிவிடாது. படத்தை வெளியே அனுப்பும் கடைசிக் கட்டத்திலும் கார்டு பழுதாகியிருக்கலாம்.

கேபிள் கோளாறுக்கு வேறு முகம் உண்டு. பழைய நீலமுனைக் கேபிளில் ஒரு முள் வளைந்தால் திரை முழுவதும் ஒரே சாயமாக, மஞ்சளாகவோ நீலப்பச்சையாகவோ மாறும். எச்.டி.எம்.ஐ. கேபிள் என்றால் பொறி பறப்பது போலப் புள்ளிகள் இடம் மாறி மாறி மின்னும். கேபிளை அசைத்தால் கூடும், குறையும். மானிட்டரில் ஒரு புள்ளி செத்துப்போனால் அது வருடக்கணக்கில் அதே இடத்தில் அசையாமல் இருக்கும்.

கடைசியாக, கம்ப்யூட்டரை நிறுத்தி உடனே போட்டோம். விண்டோஸ் வருவதற்கு முன்பு கம்பெனியின் பெயரும் சின்னமும் வரும் அல்லவா, அந்தச் சின்னத்தின் மேலேயே சதுரங்கக் கட்டங்கள் இருந்தன. அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. எழாதவன் எப்படித் தவறு செய்திருப்பான்? ஃபார்மட் செய்திருந்தால் ஆறு மாதக் கணக்கு போயிருக்கும், கட்டங்கள் அப்படியே இருந்திருக்கும்.

பில் தாள் சரியாக வந்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பிரிண்டருக்குப் போகும் எண் கணக்கு ஃபைலிலிருந்து நேராகப் போகிறது. திரைப்படத்தைப் பார்த்துப் பிரதி எடுப்பதில்லை. தாளில் 1,880 இருந்தது என்றால் உள்ளே கணக்கு சரி, காட்டும் இடத்தில்தான் கோளாறு என்று அர்த்தம்.

கார்டைக் கழற்றினோம்

மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்தோம். கார்டின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. பருப்புக் கடைத் தூசி, பக்கத்து மிளகாய் வத்தல் கமிஷன் மண்டியின் நெடி, சாக்கு நார் எல்லாம் சேர்ந்து பிசின் போல ஒட்டியிருந்தது. மின்விசிறி சுற்றியது, ஆனால் காற்று போக இடுக்கு இல்லை. மளிகைக் கடைகளில் மஞ்சள், மாவு, வத்தல் தூசி இப்படித்தான் அடைகிறது. ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் விசிறி கெட்டுவிடும். சில புதுக் கார்டுகளில் சூடு இல்லாதபோது விசிறி நின்றே இருக்கும், அது பழுதல்ல.

சுத்தம் செய்து, கார்டின் தங்கமுலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து மீண்டும் பொருத்தினோம். ஆரம்ப நிலையில் இதுவே போதுமானதாக இருப்பதுண்டு. அண்ணாச்சியின் கார்டு அந்த நிலையைத் தாண்டிவிட்டது. கால் மணி நேரத்தில் கட்டங்கள் திரும்பி வந்தன.

எனவே கார்டை அறவே எடுத்துவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் சொந்த முனையில் மாட்டினோம். திரை பளிச்சென்று வந்தது. இதற்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பிராசஸருக்கும் சொந்தமாகப் படம் காட்டும் வசதி கிடையாது. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் F என்ற எழுத்து இருந்தால் அந்த வசதி இல்லை, ஏ.எம்.டி.யின் பழைய ரைசன் வகைகளில் கடைசியில் G இருப்பவற்றில்தான் பொதுவாக இருக்கும். அப்படி வசதி இல்லாத கம்ப்யூட்டரில் கார்டை எடுத்தால் திரை இருட்டாகவே இருக்கும். பயந்துவிடக் கூடாது, வேறொரு கார்டைக் கடனாக வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சியின் பிராசஸரில் F இல்லை. அதைவிட வேடிக்கை, மதர்போர்டிலேயே இரண்டு மானிட்டர் முனைகள் இருந்தன. நீலமுனை ஒன்று, எச்.டி.எம்.ஐ. ஒன்று. இரண்டு மானிட்டரும் கார்டு இல்லாமலே வேலை செய்தன. அதாவது 3,200 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்தக் கார்டு முதல் நாளிலிருந்தே தேவையில்லை! பில் போடவும், எக்செல் பார்க்கவும், ஜி.எஸ்.டி. தளத்தைத் திறக்கவும் தனிக் கார்டு வேண்டியதில்லை. விற்றவருக்குத் தெரியாதா, தெரிந்தே விற்றாரா என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி.

உறுதி செய்துகொள்வதற்காக அந்தக் கார்டை நம்மிடம் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, அதிகம் உழைக்க வைத்தோம். இருபது நிமிடத்தில் அதே கட்டங்கள். சில நிமிடம் கழித்து விண்டோஸே கார்டை நிறுத்திவிட்டது. Device Manager-இல் "Code 43" என்று எழுதியிருந்தது. ஒரு கார்டு போகும் இடமெல்லாம் கோளாறும் கூடவே போனால் வேறு சாட்சி தேவையில்லை.

ரேம் என்ற ஆபத்து

இனி நாம் முன்பு ஒத்திவைத்த விஷயம். நம் உறுப்பினர்கள் பலர் கடையில் தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது. அங்கே படம் காட்டும் வேலையைப் பிராசஸரே செய்கிறது. படத்தை வைக்கத் தனி நினைவகம் இல்லாததால் கம்ப்யூட்டரின் பொது ரேமிலேயே ஒரு பங்கைக் கடன் வாங்கிக்கொள்கிறது. அந்த ரேம் பழுதானாலும் திரையில் இதே புள்ளிகள், இதே கட்டங்கள் தெரியும்.

பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் விளைவு வேறு. பொது ரேமில்தான் கணக்கும் தங்கிப் போகிறது. ஒரு பில் டிஸ்க்குக்குப் போகும் முன் ரேமில் இருக்கிறது. அங்கே ஓர் இலக்கம் மாறினால் மாறிய எண்தான் டிஸ்க்கில் எழுதப்படும். இப்போது தாளும் தவறாக வரும், பேரேடும் தவறாகும். ஆகவே தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே பில் போடுவதை நிறுத்திவிட்டு ரேமைச் சோதிக்க வேண்டும். இடையிடையே நீலத் திரை வந்து கம்ப்யூட்டர் தானே மீண்டும் தொடங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

விண்டோஸிலேயே இதற்கு வழி இருக்கிறது. விண்டோஸ் பட்டனையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தி வரும் பெட்டியில் இதைத் தட்ட வேண்டும்:

```
mdsched.exe
```

கம்ப்யூட்டர் ஒருமுறை நின்று, மீண்டும் தொடங்கி ரேமைச் சோதிக்கும். ரேம் அதிகமிருந்தால் நேரமும் அதிகமாகும். கடை அடைத்த பிறகு ஓட விடுவது நல்லது. பிழை என்று சொன்னால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னாலும் புள்ளிகள் தொடர்ந்தால், இரண்டு ரேம் போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கழற்றி மற்றொன்றோடு ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். பிறகு மாற்றிப் பார்க்கலாம். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனை ஆகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரிலும் கார்டை எடுத்த பிறகு இதை ஓட்டினோம். ரேம் சுத்தமாக இருந்தது. அதன் பிறகே பில் போடலாம் என்று சொன்னோம்.

சூடு காட்டிச் சரிசெய்வது

காலையில் நன்றாக இருந்து பிற்பகலில் ஏன் புள்ளி? கார்டின் பெரிய சில்லும் நினைவகச் சில்லுகளும் அடியில் உள்ள நுண்ணிய ஈய உருண்டைகளால் அட்டையோடு ஒட்டியிருக்கின்றன. சூடானால் சிலிக்கன் கொஞ்சம் விரிகிறது. அட்டை அதைவிடப் பல மடங்கு விரிகிறது. குளிர்ந்தால் இரண்டும் சுருங்குகின்றன. நாள்தோறும் இந்த இழுபறியில் சில உருண்டைகள் விண்டுபோகின்றன. விரிசல் குளிரில் ஒட்டிக்கொண்டும் சூட்டில் விலகியும் இருப்பதால்தான் கோளாறு நேரம் பார்த்து வருகிறது.

இது நம் ஊர்ப் பழைய கார்டுக்கு மட்டும் வந்த நோயல்ல. கிராஃபிக்ஸ் சில்லுகளில் பெயர் பெற்ற என்விடியா கம்பெனி 2008 ஜூலையில், தன் லேப்டாப் சில்லுகள் சிலவற்றில் சில்லையும் அதன் உறையையும் சேர்க்கும் பொருள் பலவீனமாக இருந்ததால் பழுதாகின்றன என்று சொல்லி, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. ஆப்பிள் கம்பெனியும் 2011இல் வந்த சில மேக்புக் புரோ லேப்டாப்புகளில் படம் சிதைந்து தெரிவதற்காக 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவிக்க நேர்ந்தது.

பழுதுபார்ப்பவர்கள் சிலர் கார்டுக்குச் சூடு காட்டித் தருவதாகச் சொல்வார்கள். சிலர் வீட்டு அடுப்பிலேயே வைத்து எடுப்பதும் உண்டு. சூட்டில் விரிசல் தற்காலிகமாகச் சேர்ந்துகொள்ளும். கார்டு வேலை செய்யும். பணம் வாங்கியவரும் போய்விடுவார். அண்ணாச்சிக்கும் ஆசை விடவில்லை. 900 ரூபாய் கொடுத்துச் சூடு காட்டி வாங்கினார். மகன்தான் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டினான். பத்தொன்பதாம் நாள் சுவர்கள் மினுங்கத் தொடங்கின. உணவு சமைக்கும் அடுப்பில் இதைச் செய்யவே கூடாது. ஈயமும் பிளாஸ்டிக்கும் சூடாகி வரும் புகை உடலுக்குக் கேடு. கெட்ட நினைவகச் சில்லை எடுத்துப் புதுச் சில்லை வைப்பதே உண்மையான பழுதுபார்ப்பு. அதற்குரிய இயந்திரம் வைத்திருப்பவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். விலை உயர்ந்த கார்டுக்கு அது கட்டுப்படியாகும். மூவாயிரம் ரூபாய்க் கார்டுக்கு ஆகாது.

பழைய கார்டு வாங்குவோருக்கு

எஃப் வகைப் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கும், மூன்று நான்கு மானிட்டர் வேண்டும் என்பவர்களுக்கும் கார்டு இல்லாமல் முடியாது. புதிது வாங்கினால் பில்லையும் வரிசை எண் ஒட்டிய பெட்டியையும் பத்திரப்படுத்த வேண்டும். புள்ளி தெரிந்த அன்றே செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் மேஜையில் வைக்கும்போது கார்டு குளிர்ந்திருக்கும், கோளாறு தெரியாது, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பழையது வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஈத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை உருவாக்கக் கிராஃபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி வந்தார்கள். 2022 செப்டம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டதும் அந்தக் கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. அந்த வேலை நினைவகச் சில்லுகளைத்தான் அதிகம் வாட்டும். அப்படி ஓடிய கார்டு எல்லாமே மோசம் என்று நாம் சொல்லவில்லை. ஒரே சூட்டில் நின்று ஓடியவை சில, அடிக்கடி சூடாகி ஆறியவற்றைவிட நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பார்த்தால் தெரியாது. தராசை எடைக்கல் வைத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? கார்டையும் விற்பவர் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, OCCT போன்ற சோதனைப் புரோகிராமில் நினைவகச் சோதனையை அரை மணி நேரம் ஓடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும் என்பார்கள். போதாது, கார்டு சூடேற வேண்டும். அரை மணி நேரத்தில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாகவும் திரை சுத்தமாகவும் இருந்தால் விலை பேசலாம். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

அண்ணாச்சி 11ஆம் தேதி பகலிலேயே கணக்கை ஏற்றிவிட்டார். தேவையில்லாமல் வாங்கிய புது மானிட்டரைக் கடையின் உள்ளறையில் மாட்டி, அதில் அன்றாடப் பருப்பு விலையைப் போட்டு வைத்திருக்கிறார். கணக்கு நகலை இப்போது தினமும் இரவு பில் போடும் பையன் பென் டிரைவில் எடுத்து, கல்லாச் சாவியோடு சேர்த்து அவர் கையில் கொடுக்கிறான்.